பீனட் பட்டர் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: சர்க்கரை, பாமாயில், உப்பு எவ்வளவு இருக்கிறது?

பீனட் பட்டர் செய்ய வறுத்த வேர்க்கடலையைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. கடலையின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். அரைக்க அரைக்க அந்த எண்ணெய் வெளியே வந்து, முதலில் தூளாக இருந்தது கெட்டி விழுதாகி, பிறகு வழவழவென்று இளகிவிடும். பாதாம், முந்திரி, ஹேசல் கொட்டை எல்லாமே அரைபடும்போது இப்படித்தான் மாறுகின்றன. ஆனாலும் விற்பனைக்கு வரும் பாட்டில்களில் பலவற்றின் பின்பக்கத்தில் மூன்று பெயர்கள் கூடுதலாக இருக்கின்றன: சர்க்கரை, பாமாயில், உப்பு. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வெறுத்து ஒதுக்குகிறவர்களும் உண்டு. லேபிளைப் பார்க்காமலே எடுத்துப் போகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் உண்மையில் தேவைப்படுவது அளவு. எது எத்தனை கிராம் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால், எந்தப் பாட்டிலை எடுப்பது என்ற முடிவு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

வாங்கப் போகிறவர் முன் பொதுவாக நான்கு வகைகள் இருக்கும். வேர்க்கடலை மட்டும் உள்ளது. வேர்க்கடலையும் உப்பும் உள்ளது. வேர்க்கடலை, சர்க்கரை, பாமாயில், உப்பு நான்கும் உள்ளது. 'கொழுப்பு குறைக்கப்பட்டது' என்று முன்பக்கத்தில் எழுதியிருப்பது. பாதாம் பட்டரும், சாக்லேட் கலந்த ஹேசல் கொட்டைக் குழைவும் பக்கத்திலேயே நிற்கும். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முன்பக்கத்து வாசகங்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். 'இயற்கையானது' என்ற சொல்லிலிருந்து சர்க்கரையைப் பற்றியோ பாமாயிலைப் பற்றியோ எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. பாமாயிலும் மரத்திலிருந்து வருவதுதானே. படிக்க வேண்டியவை இரண்டு இடங்கள்: சேர்பொருட்களின் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை. பட்டியலில் பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசையாக எழுதப்படும். அட்டவணையில் எப்போதும் 100 கிராமுக்கான பத்தியைத்தான் பார்க்க வேண்டும். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியை நம்பி இரண்டு பாட்டில்களை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஒருவர் 15 கிராமை ஒரு பரிமாறல் என்பார், இன்னொருவர் 32 கிராம் என்பார். 100 கிராம் பத்தி இல்லாவிட்டால், கொடுத்திருக்கும் எண்ணைப் பரிமாறலின் எடையால் வகுத்து 100ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

இனி, எதுவும் சேர்க்காத பீனட் பட்டரின் எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் நமக்கு அளவுகோல். 100 கிராமில் கொழுப்பு சுமார் 50 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 7 கிராம், புரதம் சுமார் 25 கிராம், சர்க்கரை சுமார் 5 கிராம், உப்பு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சர்க்கரை 5 கிராம் என்பது பலரைத் திகைக்க வைக்கும். கடலையிலேயே இயல்பாக அவ்வளவு சர்க்கரை இருக்கிறது. அட்டவணையில் 'சர்க்கரை 5 கிராம்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நல்ல பாட்டிலைத் திரும்ப வைத்துவிடக் கூடாது.

இதை வைத்து ஒரு லேபிளைப் பிரித்துப் பார்ப்போம். கணக்குக்காக நானே எழுதிய மாதிரி இது; ஆனால் கடையில் பார்க்கக்கூடிய வகையைச் சேர்ந்ததுதான்.

சேர்பொருட்கள்: வறுத்த வேர்க்கடலை (88%), சர்க்கரை, பாமாயில், உப்பு.
100 கிராமில்: கொழுப்பு 49 கிராம், அதில் நிறைவுற்றது 8.7 கிராம், சர்க்கரை 10.4 கிராம்; உப்பு 1 கிராம்.

கடலை 88 கிராம் என்றால், கடலையிலிருந்தே வரும் சர்க்கரை சுமார் 4.4 கிராம். மொத்தம் 10.4 கிராமில் இதைக் கழித்தால் மீதி 6 கிராம். அதுதான் சேர்த்த சர்க்கரை. அடுத்தது பாமாயில். அதன் அளவு லேபிளில் எங்குமே இல்லை, ஆனாலும் கண்டுபிடித்துவிடலாம். கடலை போக மிச்சம் 12 கிராம். அதில் சர்க்கரை 6, உப்பு 1. ஆக, பாமாயில் 5 கிராம். இது சரியா என்று நிறைவுற்ற கொழுப்பை வைத்துச் சோதிக்கலாம். 88 கிராம் கடலையிலிருந்து சுமார் 6.2 கிராம் வரும். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால், 5 கிராமிலிருந்து 2.5 கிராம் வரும். கூட்டினால் 8.7. அட்டவணை சொல்வதும் அதுதான்.

கடலையின் சதவீதம் எழுதாத பாட்டில்களும் உண்டு. அங்கே உப்பு உதவிக்கு வரும். உப்பின் அளவு அட்டவணையில் இருக்கிறது. பட்டியலில் உப்புக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் அதைவிட அதிகம். பின்னால் நிற்பது பொதுவாக அதைவிடக் குறைவு. ஒரு எச்சரிக்கை மட்டும்: 2 சதவீதத்துக்கும் குறைவான பொருட்களைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம் என்று சில நாடுகளின் விதிகள் அனுமதிக்கின்றன. எனவே உப்புக்குப் பின்னால் பாமாயில் வந்தால், அது 2 சதவீதத்தைத் தாண்டாது என்ற அளவுக்குத்தான் உறுதியாகச் சொல்லலாம்.

நம் மாதிரிப் பாட்டிலிலிருந்து இரண்டு மேஜைக்கரண்டி, அதாவது சுமார் 30 கிராம் எடுத்து ரொட்டியில் தடவுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சேர்த்த சர்க்கரை 1.8 கிராம்; அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. உப்பு 0.3 கிராம். பாமாயில் 1.5 கிராம்; அதனால் கூடுதலாகச் சேரும் நிறைவுற்ற கொழுப்பு, வெறும் கடலைப் பாட்டிலோடு ஒப்பிட்டால் அரை கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளில் உப்பு 5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேர்த்த சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையும் சேர்ந்து நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கிலோகலோரி சாப்பிடுகிறவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். அந்தக் கணக்கில் 1.8 கிராம் சர்க்கரை பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. எப்போதாவது ஒரு கரண்டி சாப்பிடுகிறவர் இந்த மூன்றாவது வகையை வாங்கினால், அவரைப் பயமுறுத்த நான் தயாராக இல்லை.

தினமும் சாப்பிடுகிறவர் நிலை வேறு. 30 கிராம் என்பது அளந்து தடவுகிறவரின் கணக்கு. கரண்டியைப் பாட்டிலில் விட்டு அப்படியே சாப்பிடுகிறவருக்கு அது எளிதில் 60 கிராம் ஆகும். உப்பு 0.6 கிராம் ஆகிறது; அதைத் தாங்குகிற ரொட்டியிலும் உப்பு இருக்கிறது. குழந்தைகள் என்றால் உப்பின் வரம்பு இன்னும் கீழே. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது நாக்கின் பழக்கம். இனிப்பு சேர்த்த பீனட் பட்டரில் தொடங்கிய குழந்தைக்கு, வெறும் கடலையின் வறுத்த மணம் பிறகு சப்பென்று தோன்றும். இனிப்பு வேண்டும் என்றால் ஒரு வாழைப்பழத்தை நறுக்கி மேலே வைக்கலாம். எவ்வளவு என்பது நம் கையில் இருக்கும்.

சர்க்கரை எப்போதும் சர்க்கரை என்ற பெயரில் வருவதில்லை. கரும்புச் சர்க்கரை, டெக்ஸ்ட்ரோஸ், குளுகோஸ் சிரப், சோளச் சிரப், தேன், வெல்லப்பாகு, தேங்காய்ச் சர்க்கரை, அகாவே சிரப் எல்லாம் ஒரே குடும்பம். தேன் என்று எழுதியிருந்தாலும் கழித்தல் கணக்கு மாறாது. மால்டோடெக்ஸ்ட்ரின் மட்டும் கொஞ்சம் நழுவும். அது மாவுச்சத்தை உடைத்துச் செய்வது. உடலில் வேகமாகக் குளுகோஸாக மாறுகிறது, ஆனால் பெரும்பாலும் 'சர்க்கரை' வரியில் கணக்கில் வருவதில்லை. அது இருக்கிறதா என்பதைச் சேர்பொருட்களின் பட்டியலில்தான் தேட வேண்டும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதிய பாட்டிலில் ஸ்டீவியா, சுக்ரலோஸ், சைலிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் இருக்கலாம். வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் சைலிட்டால் உள்ள பாட்டிலை வாங்கவே வேண்டாம். மனிதருக்குத் தீங்கில்லாத அளவே நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். நாய்க்கு மாத்திரை கொடுக்கப் பீனட் பட்டரைப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பாமாயில் சேர்ப்பதற்கான காரணம் ருசி அல்ல. கடலை எண்ணெய் அறை வெப்பநிலையில் திரவம். அரைத்த துகள்கள் மெல்ல அடியில் படிய, எண்ணெய் மேலே ஏறி நிற்கும். பாமாயில் அதே வெப்பநிலையில் பாதி உறைந்த நிலையில் இருக்கும். அதிலுள்ள கொழுப்புப் படிகங்கள் கடலை எண்ணெயை நகர விடாமல் பிடித்துவைக்கின்றன. பாட்டிலைத் திறந்தால் மேலிருந்து அடிவரை ஒரே குழைவு, கிளறவே வேண்டாம். பாமாயில் 35 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடும் என்பதால், கடும் வெயில் காலத்தில் இந்தப் பிடியும் தளரலாம்.

இதே வேலையை ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவர எண்ணெயும் செய்கிறது. அது பாமாயிலைவிடக் கெட்டி என்பதால், 1 முதல் 2 சதவீதமே போதும். இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 'முழுமையாக ஹைட்ரஜனேற்றப்பட்ட' என்றால் டிரான்ஸ் கொழுப்பு அநேகமாக இருக்காது. 'பகுதியாக ஹைட்ரஜனேற்றப்பட்ட' என்று இருந்தால் டிரான்ஸ் கொழுப்பு இருக்கிறது என்று அர்த்தம். யோசிக்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். இதயத்துக்கு அது செய்யும் தீங்கு தெளிவாக நிறுவப்பட்டது. அமெரிக்கா 2015இல் அந்த எண்ணெய்க்கு இருந்த 'பாதுகாப்பானது' என்ற தகுதியையே நீக்கியது. 'தாவர எண்ணெய்' என்று மட்டும் பொதுவாக எழுதியிருந்தால் அது எது என்று ஊகிக்கத்தான் முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து எந்தத் தாவரத்தின் எண்ணெய் என்று பெயர் சொல்லியாக வேண்டும். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

பீனட் பட்டரில் உள்ள பாமாயில் உடலுக்குச் செய்யும் வேறுபாடு, மேலே பார்த்தபடி, 30 கிராமுக்கு அரை கிராம் நிறைவுற்ற கொழுப்பு. காடுகள் அழிவதை எண்ணிப் பாமாயிலைத் தவிர்க்கிறவர்களுக்கு அது தனிக் காரணம், நியாயமான காரணம். ஆனால் உடல்நலத்துக்காக மட்டும் பாமாயிலைத் தேடித் தேடித் தவிர்த்துவிட்டு, 6 கிராம் தேன் சேர்த்த பாட்டிலை எடுத்து வருவதில் லாபம் இல்லை.

உப்பில் ஒரு சிறு குழப்பம் உண்டு. சில லேபிள்கள் உப்பு என்று கிராமில் சொல்லும். சில சோடியம் என்று மில்லிகிராமில் சொல்லும். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்பது 1 கிராம் உப்பு. பிரிட்டனின் வண்ண அடையாளத்தில் 100 கிராமுக்கு 0.3 கிராம் வரை உப்பு இருந்தால் பச்சை, 1.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு. உப்பு சேர்த்த பீனட் பட்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அதே அடையாளத்தில் நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமைத் தாண்டினாலே சிவப்பு என்பதால், எதுவுமே சேர்க்காத பீனட் பட்டருக்கும் அங்கே சிவப்புதான் விழும். அந்தச் சிவப்பைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அது கடலையின் சொந்தக் கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுறாதது.

நான்காவது வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்றால் கடலையைக் குறைக்க வேண்டும். காலியான இடத்தில் சோளச் சிரப் தூளோ சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரினோ வந்து உட்காரும். கொழுப்பு 49இலிருந்து 36 கிராமுக்கு இறங்கியிருக்கும், ஆனால் மொத்தக் கலோரி பெரும்பாலும் அதிகம் இறங்காது. அமெரிக்காவில் 'பீனட் பட்டர்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ள 90 சதவீதம் கடலை இருந்தாக வேண்டும். இந்த வகைப் பாட்டில்களில் பலவும் அந்த அளவை எட்டாததால் 'ஸ்பிரெட்' என்ற சொல்லோடு விற்கப்படுகின்றன. நம் மாதிரிப் பாட்டிலும் 88 சதவீதத்தில் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது.

மீதி இருப்பது முதல் இரண்டு. தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்வது கடலை மட்டும் உள்ள பாட்டிலைத்தான். வெறும் கடலை ருசிக்கவில்லை என்றால், 100 கிராமுக்கு அரை கிராம் அளவு உப்பு உள்ளது போதும். கடலையின் மணத்தை எடுத்துக்காட்ட அந்த அளவே தாராளம். இந்தப் பாட்டில்களைப் பலர் கைவிடுவதற்கு ருசியைவிட எண்ணெய் பிரிவதுதான் காரணம். திறந்ததும் மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்கும். அதை ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊற்றினால் பாட்டிலின் அடியில் கரண்டி இறங்காத காய்ந்த கட்டிதான் மிஞ்சும். அதற்குப் பதிலாக, திறப்பதற்கு முந்தைய நாளே மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாட்டிலைத் தலைகீழாக வைத்துவிடுங்கள். எண்ணெய் மறுபக்கத்தை நோக்கி விழுதின் ஊடாகவே ஏறும். மறுநாள் நேராக நிறுத்தித் திறந்து, நீளமான தட்டைக் கத்தியை அடிவரை இறக்கி, சுவரை ஒட்டிச் சுற்றி, அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிக் கிளற வேண்டும். மேலாகக் கலக்கினால் பாதிப் பாட்டில் நீர்த்தும் மீதிப் பாதி மண்போலவும் ஆகிவிடும். ஒருமுறை நன்றாகக் கலந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் எண்ணெய் கெட்டிப்பட்டு, மறுபடி பிரிவது வெகுவாகக் குறையும். சிக்கு வாடை வராமல் காப்பதும் அந்தக் குளிர்ச்சிதான். பழைய பெயின்ட் போன்ற வாடையோ நாக்கின் ஓரத்தில் கசப்போ தெரிந்தால் அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள். இவ்வளவும் செய்ய முடியாது, கிளறுவது என்றாலே எரிச்சல் என்பவருக்கு, சர்க்கரை இல்லாமல் பாமாயிலோ முழுமையாக ஹைட்ரஜனேற்றப்பட்ட எண்ணெயோ மட்டும் சேர்த்த பாட்டில் நல்ல சமரசம்.

பாதாம் பட்டர் பீனட் பட்டரைவிட உயர்ந்தது என்ற நம்பிக்கை, விலையிலிருந்து பிறந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். புரதத்தில் வேர்க்கடலைதான் முன்னால். வைட்டமின் ஈ, கால்சியம், நார்ச்சத்து மூன்றிலும் பாதாம் முன்னால். நிறைவுற்ற கொழுப்பும் அதில் சுமார் 4 கிராம்தான். முந்திரி இயல்பிலேயே சற்று இனிப்பு, 100 கிராமில் சர்க்கரை சுமார் 6 கிராம்; நார்ச்சத்து குறைவு. கழித்தல் கணக்கு போடும்போது முந்திரிக்கு 5க்குப் பதில் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள், நிறைவுற்ற கொழுப்புக்கு 7க்குப் பதில் 8. சர்க்கரையும் பாமாயிலும் சேர்த்த பாதாம் பட்டரைவிட, வெறும் கடலையை அரைத்த பீனட் பட்டர் மேல் என்றே சொல்வேன். விலை உயர்ந்த பட்டர்களில் பார்க்க வேண்டிய இன்னொன்று, பெயரில் உள்ள பருப்புதான் பட்டியலில் முதலில் நிற்கிறதா என்பது. முன்பக்கத்தில் பாதாமின் படம் பெரிதாக இருக்க, பட்டியல் வேர்க்கடலையில் தொடங்குவதும் உண்டு.

சாக்லேட் ஹேசல் குழைவு இந்த வரிசையிலேயே நிற்க வேண்டியதல்ல. வழக்கமான பாட்டிலில் முதல் பொருள் சர்க்கரை, இரண்டாவது பெரும்பாலும் பாமாயில், அதற்குப் பிறகுதான் ஹேசல் கொட்டை. எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரை என்றால் 30 கிராமில் 15 கிராமுக்கும் அதிகம்; நான்கு தேக்கரண்டிக்கு அருகில். நம் மாதிரிப் பீனட் பட்டரின் 1.8 கிராமோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சர்க்கரையைக் குறைக்க நினைக்கும் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பாட்டில். ஹேசல் கொட்டை 60 சதவீதத்துக்கு மேல் உள்ளவையும் சில கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றிலும் மீதி 40இல் பெரும்பங்கு சர்க்கரையாக இருக்கலாம் என்பதால், 100 கிராம் கொட்டைக்கு இயல்பான சர்க்கரை சுமார் 4 கிராம் என்ற கணக்கில், அதிலுள்ள கொட்டையின் அளவுக்கு ஏற்ப அங்கேயும் கழித்துவிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.